முதல் வரி ஏன் கீழே போகிறது?

சென்னைக்குக் குடிநீர் தரும் ஆறு நீர்த்தேக்கங்களின் கொள்ளளவை ஒரு எக்செல் தாளில் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் வரியில் செம்பரம்பாக்கம், 3,645 மில்லியன் கன அடி. அடுத்து புழல் 3,300, பூண்டி 3,231. நான்காவதாகக் கடலூர் மாவட்டத்தில் இருந்தபடி சென்னைக்குத் தண்ணீர் அனுப்பும் வீராணம், 1,465. அதன்கீழ் சோழவரம் 1,081. கடைசி வரியில் 2020 நவம்பரில் திறக்கப்பட்ட கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை, 500. மொத்தம் 13,222, அதாவது 13 டி.எம்.சி.க்குச் சற்று மேல். பெரியது முதலில், சிறியது கடைசியில் என்று அட்டவணை ஒழுங்காக இறங்குகிறது.

இந்த இரண்டு பத்திகளையும் தேர்ந்தெடுத்து, Insert பக்கத்துக்குப் போய், படுத்த பட்டைகள் கொண்ட பார் சார்ட்டைப் போடச் சொன்னால், வருகிற படம் தலைகீழாக நிற்கிறது. தேர்வாய்கண்டிகை உச்சியில் இருக்கிறது. செம்பரம்பாக்கம் அடியில், எண்களுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. எண்களில் ஒன்றும் பிழையில்லை, பட்டைகளின் நீளமும் சரி. வரிசை மட்டும் கவிழ்ந்துவிட்டது.

அலுவலகங்களில் இதைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது, அட்டவணையைத் தலைகீழாக அடுக்கிவிடுவது. படம் நிமிர்ந்துவிடும், அட்டவணை கவிழ்ந்துவிடும். இன்னும் சிலர் பொறுமையாக ஒவ்வொரு வரியாக வெட்டி, வேறிடத்தில் ஒட்டுவார்கள். இரண்டுக்குமே தேவையில்லை. படத்துக்குள்ளேயே இதற்கென்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் ஒரு டிக் போட்டால் வேலை முடிந்தது. சரியாகச் சொன்னால் பாதி முடிந்தது. டிக் போட்ட கையோடு இன்னொரு தொல்லை வரும், அதைப் பிறகு பார்ப்போம்.

முதலில் எக்செல் ஏன் இப்படிச் செய்கிறது என்று பார்ப்பது நல்லது. அது தெரிந்துவிட்டால் மற்ற எல்லாத் தொல்லைகளும் தாமாகவே புரியும்.

பள்ளியில் கிராஃப் தாளில் கோடு போட்டது நினைவிருக்கும். இடது கீழ் மூலைதான் தொடக்கப் புள்ளி. அங்கிருந்து வலப்பக்கம் போனால் எண் கூடும், மேலே போனாலும் எண் கூடும். எக்செல் வரைகிற படங்களுக்கும் அதே மூலைதான் தொடக்கம். ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு அச்சுகள்: ஒன்றில் பெயர்கள் உட்கார்ந்திருக்கும், மற்றதில் எண்கள். பெயர் அச்சு, எண் அச்சு என்றே அழைப்போம். பெயர் அச்சில் எண்களே இல்லாததுபோலத் தோன்றினாலும், எக்செல்லின் கணக்கில் முதல் வரி 1, இரண்டாம் வரி 2, இப்படி 6 வரை உண்டு. தொடக்கப் புள்ளிக்கு மிக அருகில் 1, அதிலிருந்து விலகி விலகி மற்றவை.

நின்ற பட்டைகள் கொண்ட படத்தில் இது ஒரு சிக்கலும் தராது. பெயர் அச்சு தரையில் படுத்திருக்கிறது. 1 இடது ஓரத்தில், 6 வலது ஓரத்தில். நாம் இடமிருந்து வலமாகப் படிப்பவர்கள், ஆகவே சரியாகவே தெரிகிறது. அதே படத்தைப் படுத்த பட்டைகளாக மாற்றும்போது இரண்டு அச்சுகளும் இடம் மாறிக்கொள்கின்றன. பெயர் அச்சு இப்போது செங்குத்தாக நிற்கிறது. தொடக்கப் புள்ளி மட்டும் நகரவில்லை, அதே இடது கீழ் மூலையில்தான் இருக்கிறது. ஆகவே 1 அடியில், 6 உச்சியில். கணக்கின்படி மேலே போகப் போக எண் கூட வேண்டும், கூடுகிறது. ஆனால் அட்டவணையில் கீழே போகப் போகத்தான் வரி எண் கூடும். கிராஃப் தாளின் வழக்கமும் பட்டியல் எழுதும் வழக்கமும் எதிரெதிர்த் திசைகளில் ஓடுகின்றன. எக்செல் கிராஃப் தாளின் பக்கம் நிற்கிறது.

இப்படித்தான் இருந்தாக வேண்டும் என்று விதி ஒன்றும் இல்லை. பார் சார்ட்டின் ஆதி உதாரணமாகச் சொல்லப்படுவது ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் பிளேஃபேர் 1786-ல் வெளியிட்ட நூலில் இருக்கிறது. ஸ்காட்லாந்து ஓராண்டில் எந்த நாட்டோடு எவ்வளவு ஏற்றுமதி, இறக்குமதி செய்தது என்பதைக் காட்டும் அந்தப் படத்தில் பட்டைகள் படுத்துத்தான் இருக்கின்றன. அவர் கையால் வரைந்தார், ஆகவே எதை மேலே வைப்பது என்பதை அவரே முடிவு செய்தார். நாம் எக்செல்லிடம் அந்த முடிவை விட்டுவிடுகிறோம், அவ்வளவுதான் வேறுபாடு.

இப்போது நிமிர்த்தும் வேலை. படத்தில் இடப்பக்கம் இருக்கும் நீர்த்தேக்கப் பெயர்களில் ஏதாவது ஒன்றின்மேல் ஒரு சொடுக்கு. ஒரு பெயரைத் தொட்டாலும் எல்லாப் பெயர்களையும் சுற்றி ஒரு கட்டம் தோன்றும்; பெயர் அச்சு பிடிபட்டது என்று பொருள். Ctrl விசையோடு 1-ஐ அழுத்தினால் வலப்பக்கம் Format Axis என்ற பலகை திறக்கும். விசை வேண்டாம் என்றால் வலது சொடுக்கில் வரும் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் அதே பெயரில் ஒரு வரி இருக்கும். பலகையில் Axis Options என்ற பகுதியில் கீழே Categories in reverse order என்று ஒரு பெட்டி. அதில் டிக் போட வேண்டும். அந்தக் கணமே செம்பரம்பாக்கம் உச்சிக்குப் போய்விடும், தேர்வாய்கண்டிகை அடிக்கு இறங்கிவிடும். தாளில் இருக்கும் அட்டவணை அசையவே அசையாது.

கூடவே, இதுவரை படத்தின் அடியில் இருந்த 0, 500, 1,000 என்ற எண் வரிசையும் மேலே தாவிவிட்டிருக்கும். அரைகுறையாக நின்றுபோன படங்களை அறிக்கைகளில் நிறையப் பார்க்கலாம்: பட்டைகள் சரியான வரிசையில் இருக்கும், எண்கள் மட்டும் தலைப்பை இடித்துக்கொண்டு உச்சியில் தொங்கும். பெட்டியைத் தொட்டதால் ஏதோ கெட்டுவிட்டது என்று பயந்து டிக்கை எடுத்துவிடுகிறவர்களும் உண்டு.

கெட்டது ஒன்றுமில்லை. எண் அச்சு எப்போதும் பெயர் அச்சின் தொடக்கத்தில், அதாவது முதல் வரி இருக்கும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும். முதல் வரி அடியில் இருந்தபோது எண்களும் அடியில் இருந்தன. டிக் போட்டபோது நாம் திருப்பியது பெயர்களை மட்டுமல்ல, அந்த அச்சின் தொடக்கத்தையே. தொடக்கம் மேலே போனதால் எண்களும் கூடவே போயின. ஆகவே எண்களிடம், முதல் வரியை விட்டுவிட்டுக் கடைசி வரியோடு ஒட்டிக்கொள் என்று சொல்ல வேண்டும். அதே பலகையில், அந்தப் பெட்டிக்குச் சற்று மேலேயே, Horizontal axis crosses என்ற தலைப்பின்கீழ் மூன்று தேர்வுகள் இருக்கும். Automatic என்பதில் இருக்கும் புள்ளியை At maximum category என்பதற்கு மாற்றினால் எண்கள் அடிக்கு இறங்கிவிடும். அதிகபட்ச வகை என்றால் இங்கே அதிகத் தண்ணீர் பிடிக்கும் ஏரி அல்ல. வரிசையில் கடைசி எண் கொண்ட வரி. நம் அட்டவணையில் அது எல்லாவற்றிலும் சிறிய தேர்வாய்கண்டிகை.

நடுவில் இருக்கும் At category number என்ற தேர்வில் 6 என்று தட்டலாமே என்று தோன்றும். வேண்டாம். 6 என்றால் ஆறாவது பட்டைக்கு முன்னால் என்று பொருள், ஆகவே எண் வரிசை ஐந்தாம், ஆறாம் பட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். At maximum category என்று விட்டுவிட்டால் வரிகள் எத்தனை கூடினாலும் கடைசி ஓரத்தையே தேடிப் போகும்.

இந்த இரண்டும் தனித்தனி விசைகள் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் பிறர் செய்த படத்தைப் பழுது பார்ப்பது எளிது. இரண்டுமே போடாத படத்தில் எண்கள் கீழே. இரண்டும் போட்ட படத்திலும் கீழே. எண்கள் மேலே இருந்தால், இரண்டில் ஒன்று மட்டும் போடப்பட்டிருக்கிறது.

எண்கள் மேலே இருப்பது எப்போதும் குற்றம் என்றும் சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் 38 மாவட்டங்களையும் ஒரே படத்தில் அடுக்கினால் அது ஒரு பக்கம் முழுக்க நீளும். படிப்பவர் மேலிருந்து தொடங்குகிறார். அளவு என்ன என்று தெரிய அவரை அடிவரை அனுப்பிவிட்டுத் திரும்ப வரவழைப்பதைவிட எண்களை மேலேயே விட்டுவிடலாம். ஆறே ஆறு பட்டைகள் உள்ள நம் படத்துக்கோ எண் வரிசையே தேவையில்லை என்பது என் கட்சி. படத்தின் ஓரத்தில் வரும் கூட்டல் குறியைத் தொட்டு Data Labels-ஐ Outside End என்று வைத்தால் 3,645 என்ற எண் பட்டையின் நுனியிலேயே வந்து நிற்கும். பிறகு கீழே அளவுகோலும் வேண்டாம், குறுக்குக் கோடுகளும் வேண்டாம். எண் அச்சைத் தேர்ந்து, Labels பகுதியில் Label Position என்பதை None ஆக்கிவிடலாம். எண்கள் எங்கே தாவினால் என்ன, கண்ணுக்கே தெரியாது.

மேலே சொன்னதை வரி பிசகாமல் செய்தும் படம் கோணலாகிறது என்று சிலர் சொல்வார்கள். பட்டைகள் இடமிருந்து வலமாக வளராமல் வலது சுவரிலிருந்து இடப்பக்கம் நீண்டிருக்கும். நீர்த்தேக்கப் பெயர்கள் வலது ஓரத்துக்கு ஓடிவிட்டிருக்கும். வரிசையோ மாறியே இருக்காது. அப்படி வந்தால் திருப்பப்பட்டது எண் அச்சு. நின்ற பட்டைப் படத்தோடு பழகிய கை, பெயர் அச்சு என்றால் தரையில் இருப்பது என்று நினைத்து அங்கே போய்விடுகிறது. பலகையைப் பார்த்தே இதைக் கண்டுபிடிக்கலாம். எண் அச்சின் பலகையில் Bounds என்ற தலைப்பின்கீழ் Minimum, Maximum என்று இரண்டு கட்டங்கள் இருக்கும், டிக் பெட்டியின் பெயரும் Values in reverse order என்று இருக்கும். நமக்கு வேண்டிய பெட்டியில் Values என்ற சொல் கிடையாது, Categories என்றுதான் இருக்கும். தவறிப் போட்ட டிக்கை எடுத்துவிட்டு, பெயர்களைத் தொட்டு மறுபடி தொடங்கினால் போதும்.

இனி, அட்டவணையையே தலைகீழாக அடுக்கிவிடும் பழைய வழிக்கு வருவோம். படம் மட்டும் அச்சுக்குப் போகிறது, அட்டவணையை யாரும் பார்க்கப் போவதில்லை என்றால் அதில் தவறில்லை. சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் பெரியது தானாக மேலே வந்துவிடும், எண்களும் கீழேயே இருக்கும். தொல்லை எங்கே வருகிறது என்றால், அட்டவணையும் படமும் ஒரே பக்கத்தில் அருகருகே நிற்கும்போது. இடப்பக்கம் தேர்வாய்கண்டிகை முதலில், வலப்பக்கம் செம்பரம்பாக்கம் முதலில்; படிப்பவரின் கண் இரண்டுக்கும் நடுவே குறுக்கும் நெடுக்குமாக அலைய வேண்டும். இன்னொன்று, அளவுப்படி அடுக்கவே கூடாத பட்டியல்கள் இருக்கின்றன. கருத்துக்கணிப்பில் ‘மிகவும் திருப்தி’ தொடங்கி ‘சிறிதும் திருப்தியில்லை’ வரை போகும் ஐந்து விடைகளுக்குத் தமக்கென்று ஒரு வரிசை உண்டு. ஒரு வேலைத் திட்டத்தில் அடித்தளம், சுவர், கூரை, பூச்சு என்று வரும் கட்டங்களுக்கும் அப்படியே. பட்டைகளைக் கொண்டு கால அட்டவணை வரைகிறவர்கள் இந்த டிக்கைப் போடாவிட்டால் பூச்சு வேலை உச்சியிலும் அடித்தளம் அடியிலும் வரும். கட்டடத்துக்கு அது பொருத்தம்தான், திட்டத்துக்குப் பொருந்தாது.

அடுக்கிப் பார்க்கும் வழி சுத்தமாகப் பலிக்காத இடமும் ஒன்று உண்டு. பெயர்ப் பத்தியில் தேதிகள் இருந்தால் எக்செல் அதைத் தேதி அச்சாக எடுத்துக்கொள்ளும். அப்போது தாளில் வரிகள் எந்த ஒழுங்கில் இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. பழைய தேதி தொடக்கப் புள்ளிக்கு அருகில், புதிய தேதி தொலைவில் என்று தானே அடுக்கிவிடும். புழல் ஏரியின் இருப்பை ஜூன் 1, ஜூலை 1, ஆகஸ்ட் 1 என்று எழுதி, அட்டவணையை எத்தனை முறை மேலும் கீழுமாகப் புரட்டினாலும் படம் அசையாமல் நிற்பதைப் பார்த்துக் கணினி உறைந்துவிட்டதோ என்று தோன்றும். இங்கே டிக் பெட்டியின் பெயர்கூட மாறியிருக்கும்: Dates in reverse order. எண் வரிசையை இறக்குவதற்கான தேர்வு At maximum date. தேதிகளை வெறும் பெயர்களாகவே நடத்தட்டும் என்றால், அதே பலகையில் Axis Type என்பதில் Text axis என்று மாற்றிவிடலாம். அதன்பிறகு தாளின் வரிசைக்கு மரியாதை கிடைக்கும்.

இனி நம் அட்டவணையில் மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்ப்போம்: ஒவ்வொரு நீர்த்தேக்கத்திலும் அன்றைக்கு இருக்கும் தண்ணீர். ஒவ்வொரு பெயருக்கும் இப்போது இரண்டு பட்டைகள். டிக் போடாத படத்தில் கொள்ளளவுப் பட்டை கீழேயும் இருப்புப் பட்டை அதன்மேலும் இருக்கும். காரணம் அதேதான்: முதல் பத்தி தொடக்கத்துக்கு அருகில், இரண்டாம் பத்தி அதற்கு அப்பால். டிக் போட்டதும் ஏரிகளின் வரிசை மட்டுமல்ல, ஒவ்வொரு ஏரிக்குள்ளும் இருக்கும் இந்த இரட்டையும் புரளும். கொள்ளளவு மேலே, இருப்பு கீழே. அட்டவணையில் இடமிருந்து வலமாகப் படித்த ஒழுங்கு படத்தில் மேலிருந்து கீழாக வந்துவிடுகிறது. ஒரே டிக்கில் இரண்டும் சரியாவது நமக்கு லாபம். ஆனால் எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்று சொல்லும் குறிப்புப் பட்டியல் வலப்பக்கம் இருந்தால், அது பட்டைகளின் ஒழுங்கோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் அதைப் படத்தின் மேற்பக்கத்துக்கு நகர்த்திவிடுவது எளிய வழி; அங்கே பெயர்கள் ஒரே வரியில் வருவதால் மேல், கீழ் என்ற பேச்சே எழாது. ஒரே பட்டைக்குள் துண்டு துண்டாக அடுக்கும் வகைப் படத்தில் இந்தக் கவலை இல்லை. துண்டுகள் இடமிருந்து வலமாகவே போகும். டிக் அவற்றைத் தொடாது.

இந்த அமைப்பு படத்தோடு ஒட்டியது என்பதால் அதை வேர்டிலோ பவர்பாயின்ட்டிலோ ஒட்டினாலும் கூடவே வரும். அங்கேயே புதிதாகப் படம் போட்டாலும் இதே பலகை, இதே பெட்டி. ஒட்டிக்கொண்டிருப்பதிலேயே ஒரு வம்பும் உண்டு. படுத்த பட்டைகளாக இருந்த படத்தை யாராவது பிறகு நின்ற பட்டைகளாக மாற்றினால் பழைய டிக் உள்ளே தங்கியிருக்கக்கூடும். அப்போது முதல் வரி வலது ஓரத்தில் நிற்கும், வரிசை வலமிருந்து இடமாக ஓடும். At maximum category-யும் சேர்ந்து இருந்தால் எண் அச்சு வழக்கம்போல இடப்பக்கமே நிற்பதால், ஏதோ கோளாறு என்று சந்தேகப்பட ஒரு அறிகுறியும் இருக்காது. ஏரிகளின் படத்தில் இதனால் பெரிய சேதமில்லை. மாதங்களின் படத்தில், இறங்கிக்கொண்டிருக்கும் நீர்மட்டம் ஏறுவதுபோலத் தெரியும். வகை மாற்றிய படத்தில் முதலில் பார்க்க வேண்டியது, இடது ஓரத்தில் நிற்கும் பெயர் தாளின் முதல் வரிதானா என்பது.

தினமும் இப்படிப் பல படங்கள் போட வேண்டியவர்களுக்கு, பலகையை ஒவ்வொரு முறையும் திறப்பது அலுப்பான வேலை. படத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு இந்தச் சிறிய மேக்ரோவை ஓட்டினால் இரண்டு விசைகளும் ஒருசேரப் போடப்படும்:

```
Sub MudhalVariMele()
    With ActiveChart.Axes(xlCategory)
        .ReversePlotOrder = True
        .Crosses = xlMaximum
    End With
End Sub
```

இதில் வசதி என்னவென்றால், படுத்ததா நின்றதா என்ற குழப்பம் இல்லை. xlCategory என்பது எப்போதும் பெயர் அச்சுதான், அது எந்தப் பக்கம் திரும்பியிருந்தாலும். எதையும் தேர்ந்தெடுக்காமல் ஓட்டினால் பிழைச் செய்தி வந்து நின்றுவிடும்.

எக்செல்லுக்குப் பணம் கட்ட விரும்பாதவர்கள் பயன்படுத்தும் லிப்ரே ஆபீஸ் கால்க்கிலும் முதல் வரி அடியில்தான் விழுகிறது. படத்தை இரட்டைச் சொடுக்கால் திறந்து, Format பட்டியலில் Axis, அதற்குள் X Axis என்று போக வேண்டும். படுத்த பட்டைகளிலும் கால்க் பெயர் அச்சை X என்றே அழைக்கிறது. செங்குத்தாக நிற்கிறதே, Y ஆகத்தானே இருக்க வேண்டும் என்று எண்ணிப் போனால் பட்டைகள் வலமிருந்து வளரும் அந்தப் பழைய கோணலில்தான் போய் முடியும். Scale என்ற பக்கத்தில் Reverse direction என்பதில் டிக். எண்கள் இங்கேயும் மேலே தாவும். அவற்றை இறக்கும் தேர்வு எக்செல்லைப் போலப் பெயர் அச்சில் இல்லை. Y Axis-ஐத் திறந்து Positioning பக்கத்தில், அந்த அச்சு மற்றதை எங்கே சந்திக்க வேண்டும் என்ற இடத்தில் End என்று கொடுக்க வேண்டும். எண் அச்சு எங்கே நிற்பது என்பதை எண் அச்சிடமே கேட்கும் இந்த ஏற்பாடுதான் எனக்கு நேர்மையானதாகப் படுகிறது. எக்செல்லில் எண் அச்சை நகர்த்தப் பெயர் அச்சின் பலகையில் தேட வேண்டியிருப்பதால்தான் பலர் பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள்.

கூகுள் ஷீட்ஸ் இந்த விஷயத்தில் பட்டியலின் பக்கம் நிற்கிறது. அதே ஆறு வரிகளைக் கொடுத்து Bar chart கேட்டால் செம்பரம்பாக்கம் தானாகவே உச்சியில் வரும், எண்கள் அடியிலேயே இருக்கும். எக்செல் பழக்கத்தில் இங்கே வந்து, Customize பகுதியில் Vertical axis-ஐத் திறந்து Reverse axis order என்பதில் டிக் போடுகிறவர்கள் சரியாக இருந்ததைத் தாங்களே கவிழ்க்கிறார்கள். எக்செல்லுக்காகத் தலைகீழாக அடுக்கி வைத்த அட்டவணையை இங்கே கொண்டுவந்தாலும் அதே கதி.

எல்லாப் படங்களையும் நிமிர்த்தியாக வேண்டும் என்பதும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வரும் வயதுப் பிரமிடைப் பாருங்கள். அட்டவணையில் 0–4 வயது முதல் வரி, 5–9 இரண்டாவது, இப்படி 80-க்கு மேற்பட்டோர் வரை இறங்கும். படத்தில் குழந்தைகள் அடியில், முதியவர்கள் உச்சியில் என்பதே மக்கள்தொகை ஆய்வாளர்களின் வழக்கம். அப்படி இருந்தால்தான் அது பிரமிடு. அடுக்குமாடிக் கட்டடத்தில் தளவாரியாகத் தண்ணீர்ச் செலவைக் காட்டும் படத்தில் தரைத்தளம் முதல் வரியாக இருந்தாலும் படத்தில் அடியில்தான் இருக்க வேண்டும். இவற்றுக்கெல்லாம் எக்செல் முதலில் கொடுக்கும் படமே சரி. ஆழ்துளைக் கிணற்றின் மண் அடுக்குகளுக்கு மறுபடி டிக் வேண்டும்: மேல்மண் முதல் வரி, பாறை கடைசி வரி, பூமிக்குள் இருக்கும் ஒழுங்கும் அதுவே. அங்கே எண் வரிசையைக்கூட இறக்காமல் விட்டுவிடலாம், தரைமட்டத்தில் அளவுகோல் வைத்ததுபோல அது பொருத்தமாகவே இருக்கும்.